ரெண்டு நாள் ஊட்டி–கோத்தகிரி குரூப் டூர்: தலைக்கு எவ்வளவு போடுவது?

ஈரோட்டிலிருந்து வார இறுதியில் ஆள் சேர்த்து வேன் எடுத்துப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாக் கணக்குக்கும் ஒரே டூரைத்தான் எடுத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலை ஈரோட்டில் கிளம்பி அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் ஏறி, ஊட்டி பார்த்துவிட்டு ராத்திரி கோத்தகிரியில் தங்கி, ஞாயிறு கோடநாடு காட்சிமுனை பார்த்து, கோத்தகிரி ரோட்டிலேயே இறங்கி வீடு திரும்புவது. விலைகள் நான் கணக்குப் போட வைத்திருக்கும் விலைகள். உங்கள் ஊர் வேன்காரர் சொல்வதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

மொத்தச் செலவைத் தலையால வகுத்தா விலை வந்துரும், இதுல என்னங்க பெரிய கணக்கு?

எத்தனை தலையால் வகுப்பது என்பதுதான் கணக்கு. செலவில் மூன்று ஜாதி இருக்கிறது. ஒருவர் வந்தாலும் பதினேழு பேர் வந்தாலும் மாறாதது வேன். ஆளுக்கு ஆள் கூடுவது சாப்பாடும் நுழைவுச் சீட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரூம், அது மூன்று பேருக்கு ஒன்று என்று படி படியாக ஏறும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கொட்டி வகுத்தால், நாலு சீட் காலியாகும் போது எங்கே அடி விழுகிறது என்றே தெரியாது.

அதனால் நோட்டில் மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். கீழே ஒவ்வொன்றாகப் போகிறேன்.

வேனுக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாங்கறாங்க. 400 கிலோமீட்டர்தான் ஓடுது, 9,600 போட்டாப் போதுமா?

போதாது. பெரும்பாலான வேன்காரர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள். 250 என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர், ஆக 12,000 ரூபாய். நீங்கள் 400 ஓடினாலும் அதுதான் பில். கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட்டுக்குள் நுழையும் வரை எண்ணுவதுதான் வழக்கம். வேன் பெருந்துறையிலோ பவானியிலோ நின்றால் அந்தத் தூரமும் உங்கள் தலையில்தான்.

இதற்கு மேல் டிரைவர் பேட்டா நாளுக்கு 800 வீதம் 1,600. மலைக்கான கூடுதல் தொகை, விஜயமங்கலம் டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 1,400. மொத்தம் 15,000. மலை ஏறும்போது ஏசி ஓடுமா என்று பேசும் அன்றே கேளுங்கள், பல வண்டிகளில் ஏற்றத்தில் நிறுத்திவிடுவார்கள், அது தெரியாமல் நீங்கள் 'ஏசி வேன்' என்று சொல்லி ஆள் சேர்த்திருந்தால் பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

குறைந்தபட்சக் கிலோமீட்டரில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஓடாத அந்த நூறு கிலோமீட்டருக்கும் காசு கொடுத்தாகிவிட்டது. அதைத் திருப்பூருக்குள் போய் ஆள் ஏற்றப் பயன்படுத்தலாம். பிக்கப் இடம் ஒன்று கூடினால் சீட் நிரம்பும் வாய்ப்பும் கூடுகிறது.

வாடகை வண்டி எதுக்குங்க, மாமாகிட்ட ஒரு வண்டி இருக்குது, டீசல் மட்டும் போட்டா ஆச்சு?

அது வெள்ளை போர்டு வண்டி என்றால் வேண்டாம். தலைக்குக் காசு வாங்கி ஆள் ஏற்ற மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். வழியில் பிடித்தால் அபராதம் என்பதை விட, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும் என்பதுதான் பெரிய பயம். வண்டியில் வருவது யாரோ இல்லை, நம் பக்கத்து வீதிக்காரர்கள்.

18 சீட் வேன்னா 18 பேர்கிட்டக் காசு வாங்கலாமுங்களா?

பதினேழு பேரிடம்தான். கூடப் போகும் உங்களுக்கு ஒரு சீட் வேண்டும். நீங்கள் சாப்பிடுகிறீர்கள், டிக்கெட் எடுக்கிறீர்கள், படுக்கிறீர்கள். முதல் தடவை நடத்துகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மறக்கும் செலவு இதுதான்.

ஆக, மாறாத செலவை இப்படி எழுதுகிறேன்: வேன் 15,000, என் சாப்பாடும் டிக்கெட்டும் 1,000, டிரைவர் சாப்பாடு 600, மருந்து, தண்ணீர் கேன், அவசரக் கைக்காசு 900, போஸ்டர், போன் 500. கூட்டினால் 18,000.

சாப்பாட்டுக்குத் தலைக்கு எவ்வளவு போடறது?

நான் 850 போடுகிறேன். சனிக்கிழமை காலை இட்லி, பொடி, தக்காளிச் சாதம் ஈரோட்டிலேயே கட்டி எடுத்துக்கொள்வது. மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஏறும் முன் அளவாகச் சாப்பிட வைத்துவிடுங்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஏறினால் பாதிப் பேருக்கு வாந்திதான். மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, ராத்திரி தங்குமிடத்தில் சாப்பாடு, ஞாயிறு டிபன், மதியம், டீ. ஞாயிறு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்னூரில் வண்டி நின்றதும் "இதுவும் சேர்த்திதானே" என்று ஒருவர் கேட்டால், பதினேழு பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

நம் பக்கம் சனிக்கிழமை கறி சாப்பிடாதவர்கள் நிறைய. புரட்டாசி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் சனிக்கிழமை இரண்டு வேளையும் சைவம் வைத்து, ஞாயிறு மதியம் கீழே இறங்கிய பிறகு மேட்டுப்பாளையத்தில் கோழியோ மட்டனோ வைக்கிறேன். மலையில் கறிச்சாப்பாட்டுக்கு ஆகிற காசுக்குக் கீழே இன்னும் நன்றாகச் சாப்பிடலாம். சைவக்காரர் எத்தனை பேர் என்று பெயர் எழுதும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, செக்போஸ்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். பெட்டி பெட்டியாகப் பாட்டில் வாங்கி ஏற்றாதீர்கள். பெரிய கேனில் எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நுழைவுச் சீட்டுகளுக்குத் தலைக்கு 150. போட்டிங் அவரவர் கைக்காசு. ஆக ஆளுக்கு ஆள் கூடும் செலவு 1,000.

ரூம் வாடகையையும் தலைக்கு 800-னு போட்டுட்டாப் போதுமல்ல?

மூன்று பேர் படுக்கும் ரூம் 2,400 என்றால் தலைக்கு 800 என்பது சரிதான், மூன்றும் நிரம்பினால். உங்களையும் சேர்த்து 15 பேர் என்றால் ஐந்து ரூம், 12,000. பதினாறாவது ஆள் வந்ததும் ஆறாவது ரூம் எடுக்க வேண்டும். அந்த ஒரு ஆளுக்காக 2,400 போகிறது. அடுத்து வரும் இரண்டு பேருக்கு ரூம் செலவே இல்லை.

நிஜத்தில் இதையும் விடச் சிக்கல். இரண்டு அக்காமார், ஒரு புதுக் கல்யாண ஜோடி, நாலு பேர் குடும்பம், தனியாக வரும் பையன் என்றால் மூன்று மூன்றாக மடிக்க முடியாது. பெயர் எழுதும்போதே யார் யாரோடு படுப்பார்கள் என்று கட்டம் போட்டுப் பாருங்கள். என் கணக்கில் ரூமுக்கு மூன்று என்று வைத்திருக்கிறேன், உங்கள் கூட்டம் முழுக்கக் குடும்பங்களாக இருந்தால் ஒரு ரூம் கூட்டிப் போடுங்கள்.

சரி, கடைசியா விலை எவ்வளவு வைக்கறது?

முதலில் தப்பான கணக்கு. பதினேழு சீட்டும் நிரம்பினால் 18,000 + 17,000 + ஆறு ரூமுக்கு 14,400, மொத்தம் 49,400. பதினேழால் வகுத்தால் தலைக்கு 2,906. "3,200 வைப்போம், ஐயாயிரம் நிற்கும்" என்றுதான் தோன்றும். இப்போது பதின்மூன்று பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். வரவு 41,600. செலவு 18,000 + 13,000 + ஐந்து ரூம் 12,000, ஆக 43,000. ரெண்டு நாள் தூக்கம் கெட்டு 1,400 கைநட்டம். இந்த விலையில் பதினாலு பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது.

நான் பதின்மூன்றால் வகுப்பேன். 43,000-ஐப் பதின்மூன்றால் வகுத்தால் 3,308. அதன் மேல் என் உழைப்புக்கு வைத்து 3,650. இந்த விலையில் பதின்மூன்று பேருக்கு 4,450 நிற்கும், வண்டி நிரம்பினால் 12,650 நிற்கும். முக்கியமாக, பதினொரு பேர் வந்தாலே 1,550 மிஞ்சும். பத்துப் பேர் என்றால்தான் 1,100 நட்டம். தலைக்கு 450 ரூபாய் கூட்டியதில் கையைக் கடிக்காத எண்ணிக்கை பதினாலிலிருந்து பதினொன்றுக்கு இறங்கிவிட்டது.

அந்த 13 எங்கிருந்துங்க வந்துச்சு? நான் 15-னு வெச்சுக்கலாமா?

என் நோட்டிலிருந்து வந்தது. கடைசி ஏழெட்டு டிரிப்பில் பெயர் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, வண்டியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிச் சராசரி பாருங்கள். அந்தச் சராசரிக்கு ஒன்று கீழே வகுங்கள். ஆடிப்பெருக்கு, பள்ளி லீவு போன்ற நாட்களின் கூட்டத்தை இதில் சேர்க்காதீர்கள், அது சாதாரண வாரத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டும்.

முதல் டிரிப் என்றால் நோட்டு கிடையாது. அப்போது சீட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பதினொன்றால் வகுத்துப் பாருங்கள். வருகிற விலையைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று தோன்றினால் சின்ன வண்டிக்குப் போங்கள். வகுக்கும் எண்ணைக் கூட்டி விலையைக் குறைப்பது மட்டும் வேண்டாம்.

ஆள் சேரலைன்னா எப்பங்க முடிவு பண்றது?

செவ்வாய்க்கிழமை ராத்திரி. முன்பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள், "நான் வரேன் எழுதிக்கோ" என்று வாயால் சொன்னவர்களை எண்ணாதீர்கள். பதினொன்று இருந்தால் பெரிய வேனே போகட்டும். பத்து இருந்தால் 12 சீட் வண்டிக்கு மாற்றுங்கள். அது கிலோமீட்டருக்கு 20 என்றால் வாடகை 10,000, பேட்டாவும் மற்றதும் 2,600, ஆக வண்டிக்கு 12,600. மற்ற மாறாத செலவு அதே 3,000. சாப்பாடு, டிக்கெட் 10,000, நாலு ரூமுக்கு 9,600. மொத்தம் 35,200, வரவு 36,500. பெரிய வண்டியில் 1,100 நட்டமாகப் போன அதே பத்துப் பேர் இதில் 1,300 மிச்சம் தருகிறார்கள். ஒன்பதும் அதற்குக் கீழும் என்றால் இந்த வண்டியிலும் நட்டம்தான், அன்றைக்கே போன் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அல்லது அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள்.

இப்படி மாற்ற முடிய வேண்டும் என்றால் வேன் பேசும்போதே "செவ்வாய் வரை சின்ன வண்டிக்கு மாற்றிக்கொள்வேன்" என்று சொல்லி வைக்க வேண்டும். இரண்டு சைஸும் வைத்திருக்கும் ஒரே ஆளிடம் போவது நல்லது. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதில் வண்டி எண் கேட்கும். வண்டி முடிவான பிறகே பாஸ் எடுங்கள். ஏப்ரல், மே, ஜூனில் வார இறுதிக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைத்து 2025-இல் விட்டார்கள். சீசனில் செவ்வாய் வரை காத்திருந்தால் பாஸ் கிடைக்காமல் போகலாம், அந்த மாதங்களில் என் முடிவு நாள் பத்து நாள் முன்னாடியே.

ரூம் அட்வான்ஸ் முழுசாக் கட்டச் சொல்றாங்களே?

ஆறு ரூமுக்கும் முழுசாகக் கட்டாதீர்கள். ஒரு தடவை நான் ஒரு விடுதியில் ஆறு ரூமுக்கும் கட்டினேன். வந்தது பதின்மூன்று பேர். ஒரு ரூம் சும்மா பூட்டிக் கிடந்தது, 2,400 திரும்பவில்லை. அன்று நான் 3,200-க்குத்தான் ஆள் சேர்த்திருந்தேன், ஆக மேலே சொன்ன 1,400 நட்டம் 3,800 ஆனது.

அதற்குப் பிறகு நாலு ரூம் உறுதி, இரண்டு ரூம் புதன்கிழமை வரை பிடித்து வைப்பது என்று பேசுகிறேன். சீசன் இல்லாத மாதங்களில் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். கோத்தகிரியில் தங்குவதற்கு ஒரு காரணமே இதுதான், ஊட்டிக்குள் சனிக்கிழமை ராத்திரிக்கு இப்படிப் பேச்சுக் கொடுக்க முடியாது. டிரைவர் படுக்க இடம் உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். ராத்திரி வண்டியில் குளிரில் சுருண்டு படுத்தவர் காலையில் மலை இறக்கக் கூடாது.

கடைசி நாள்ல காலியா இருக்கற சீட்டை 2,500-க்குக் குடுத்தா லாபந்தானுங்களே?

ரூமில் படுக்கை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பதினாறாவதும் பதினேழாவதும் வருகிறவருக்கு ஏற்கெனவே எடுத்த ரூமில் இடம் இருக்கும், அவருக்காக உங்களுக்கு ஆவது 1,000 மட்டும், ஆக 2,500-க்குக் கொடுத்தால் 1,500 மிச்சம். பதினைந்தாவது ஆளுக்குக் கொடுத்தால் புது ரூம் எடுக்க வேண்டும் (நீங்கள்தான் அந்தப் பதினாறாவது தலையாக ரூம் கணக்கில் இருக்கிறீர்கள்), அவரால் 1,000-மும் 2,400-மும் செலவு, 2,500 வாங்கினால் 900 நட்டம். முழு விலை 3,650 வாங்கினாலே அவரால் 250-தான் நிற்கிறது. பன்னிரண்டாவது ஆளுக்கும் இதே நிலைதான்.

கணக்கில் லாபம் வந்தாலும் நான் கடைசி நேரத்தில் குறைப்பதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டும் முன்பே "நீங்க எவ்வளவு கொடுத்தீங்க" என்ற பேச்சு வந்துவிடும். முன்கூட்டி முழுப்பணம் கட்டியவர் அதிகம் கொடுத்தார் என்று தெரிந்தால், அடுத்த தடவை எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பார்கள். குறைக்க வேண்டும் என்றால் முதலில் முழுப்பணம் கட்டும் ஐந்து பேருக்கு 150 குறையுங்கள்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் வரலைங்கறாங்க, பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமா?

வியாழன் வரை சொன்னால் முன்பணம் 1,500 போக மீதியைக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு என்றால் உங்களுக்கு நிஜமாக மிச்சமாவது சாப்பாடும் டிக்கெட்டும்தான், தலைக்கு 1,000. அதைக் கொடுங்கள், வேனும் ரூமும் அவருக்காகத்தான் எடுத்தது. பதிலாக வேறு ஆளை அனுப்பினால் ஒரு ரூபாய் பிடிக்காதீர்கள். அண்ணன் வரமுடியாமல் தம்பி வந்தால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. சாவு, ஆஸ்பத்திரி என்றால் நான் இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை, அதற்குத்தான் அந்த 900 கைக்காசு.

குழந்தைக்குப் பாதி டிக்கெட்தானுங்களே?

மடியில் உட்காரும் குழந்தைக்கு எதுவும் வேண்டாம். சீட் கேட்கும் எட்டு வயசுப் பையனுக்குப் பாதி என்றால் 1,825. அவன் உட்காரும் சீட்டுக்கு வேன் செலவு பெரியவருக்கு ஆவதுதான், சாப்பாட்டிலும் டிக்கெட்டிலும்தான் குறையும். அது ஒரு 400 ரூபாய். நான் 3,250 வாங்குகிறேன். "சீட்டு அதே சீட்டுத்தானுங்க, சாப்பாட்டுல மட்டும் குறைச்சிருக்கேன்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

ஜோடியா வர்றவங்க தனி ரூம் கேட்டா?

2,400-ஐ இரண்டாக வகுத்தால் 1,200, பொது ரூமை விட ஆளுக்கு 400 அதிகம். நான் 500 வாங்குகிறேன், அவர்கள் பிரிந்து போவதால் மற்றவர்களின் மூன்று மூன்று கட்டமும் கலைகிறது.

பனியன் கம்பெனிப் பசங்க வர மாட்டேங்கறாங்களே?

சனிக்கிழமை காலை கிளம்பினால் எப்படி வருவார்கள்? திருப்பூரில் பல கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம்தான். அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பும் தனி டூர் போடுங்கள். ரூம் செலவு குளிக்க ஒன்றிரண்டு ரூமோடு போய்விடும், விலை நன்றாகக் குறையும். ராத்திரி ஓட்டம் என்பதால் இரண்டாவது டிரைவருக்கான காசைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்பணத்தை முந்தின சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டி போடணுமுங்களா?

வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். லாபத்தைப் பார்ப்பதில்லை, வாங்கிய மொத்தப் பணத்தைத்தான் பார்ப்பார்கள். வண்டி நிரம்பினால் ஒரு டிரிப்புக்கு 62,050, ஆக முப்பத்துமூன்றாவது டிரிப்பில் தாண்டிவிடுவீர்கள். வாராவாரம் போகிறவருக்கு அது எட்டு மாசக் கதை. வேறு தொழில் வைத்திருந்தால் அந்த வரவும் இதோடு சேரும்.

பதிவு செய்த பிறகு டூர் நடத்துகிறவருக்கு 5 சதவீதம், மொத்தத் தொகையின் மேல். 3,650-க்கு 182 ரூபாய் 50 பைசா. அதை உள்ளேயே அடக்கிக்கொள்ளப் பார்த்தால் பதினேழு பேருக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய் உங்கள் மிச்சத்திலிருந்து போகும், விலையைத் திருத்திவிடுங்கள். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

பத்துப் பேரைச் சேர்த்துக் குடுக்கறேன், எனக்கு ஃப்ரீயா விட்டுருவீங்களான்னு ஒருத்தர் கேக்கறாரு. விடலாமா?

நானே ஆள் தேடி அலைந்து கிடைக்காத பத்துப் பேரை அவர் கொண்டுவருகிறார் என்றால் விடலாம். அவருக்குச் சாப்பாடு, டிக்கெட் 1,000, படுக்கை 800 உங்களுக்கு ஆகும். அதோடு விற்கக்கூடிய சீட்டு பதினாறாகக் குறையும். இரண்டு நிபந்தனை வையுங்கள். பத்துப் பேரின் முன்பணமும் செவ்வாய்க்கு முன் கைக்கு வர வேண்டும். அதில் ஒருவர் குறைந்தாலும் அவர் பாதிக் காசு தர வேண்டும். அவர் தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் இதை வாட்ஸப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் சனிக்கிழமை காலை நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேரோடு வந்து நிற்பவரிடம் காசு பேச முடியாது.